நின்றுபோன மேகம்

காரைக்குடியில் இருக்கும் என் அக்கா பள்ளி ஆசிரியை. வினாத்தாளை வீட்டில் லேப்டாப்பில் தட்டச்சு செய்வார். ஒன்டிரைவ் கோப்புறையில் சேமித்தால் அது தானாகவே பள்ளிக் கணினிக்குப் போய்விட வேண்டும், அங்கே அச்செடுப்பார்கள். போகவில்லை. இரவு ஒன்பது மணிக்குச் சேமித்த தாள் காலையில் பள்ளியில் இருக்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய் அங்குள்ள வைஃபையில் இணைத்தால் இரண்டே நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடும். வீட்டு நெட்தான் மோசம் என்று அவர் முடிவுகட்டியதில் வியப்பில்லை. அதே லேப்டாப், அதே கோப்பு, இடம் மட்டும்தானே வேறு!

அத்தான் முதலில் ரவுட்டரை ஹாலிலிருந்து அக்கா எழுதும் அறைக்கு மாற்றினார். பிறகு 40 எம்பிபிஎஸ் திட்டத்தை 100 ஆக உயர்த்தினார். அடுத்து சிக்னலைக் கூட்டித் தரும் கருவி ஒன்றும் வாங்கி மாட்டினார். எதுவும் பலிக்கவில்லை. "தம்பி, நீ வரும்போது இதைக் கொஞ்சம் பாரேன். மாசம் மாசம் காசு கட்டுறோம், ஒரு ரெண்டு பக்கம் போக மாட்டேங்குது" என்றார் அக்கா.

நான் போய் உட்கார்ந்து முதலில் செய்தது ஸ்பீடு டெஸ்ட். 94 எம்பிபிஎஸ் காட்டியது. யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடியது. அந்த இடத்திலேயே வைஃபை மீதான சந்தேகம் எனக்குப் போய்விட்டது. வேகம் குறைந்த இணைப்பில் எல்லாமே தள்ளாடும்: வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், பக்கங்கள் பாதியில் தொங்கும், அனுப்பும் கோப்பு நூறில் மூன்று, நான்கு என்று ஊர்ந்தாவது போகும். அக்காவின் கோப்பு ஊரவே இல்லை. மெதுவாக நகர்வது வேறு, நகராமல் நிற்பது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தால் அத்தானுக்கு அந்தக் கருவியின் விலை மிஞ்சியிருக்கும்.

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒன்டிரைவின் மேகச் சின்னம் இருக்கும். சிலருக்கு அது மேல்நோக்கிய சிறு அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். அக்காவின் மேகத்தில் இரண்டு சிறு நிமிர்கோடுகள் தெரிந்தன. பாட்டை நிறுத்திவைக்கும்போது வருமே, அதே அடையாளம். சொடுக்கிப் பார்த்ததும், இந்த இணைப்பு அளவிடப்பட்டது, அதனால் ஒத்திசைவை நிறுத்தியிருக்கிறேன் என்று அதுவே சொன்னது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அங்கும் அதே காரணம்.

அளவிடப்பட்ட இணைப்பு என்றால், பயன்படுத்தும் டேட்டாவுக்குக் கணக்கு உள்ள இணைப்பு. ஆட்டோவின் மீட்டர் மாதிரி, ஓட ஓடக் காசு. விண்டோஸில் அதன் பெயர் `Metered connection`. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதலே இது இருக்கிறது. இந்த விசையைப் போட்டால், நீங்கள் கேட்காமல் பின்னணியில் நடக்கும் பெரிய பதிவிறக்கங்களை லேப்டாப் தள்ளிப்போடும். விண்டோஸ் அப்டேட்டுகளில் பெரும்பாலானவை நிற்கும். மிக அவசரமானவை மட்டும் வரக்கூடும். ஸ்டோர் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வது நிற்கும், ஒன்டிரைவ் நிற்கும். கணினியில் நிறுவிய அவுட்லுக், இணையட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கலாம். புதிதாக வாங்கிய பிரிண்டரைச் செருகினால் அதற்கான டிரைவர் இறங்காமல் போகும். கடைக்காரர் கெட்ட பிரிண்டரைத் தந்துவிட்டார் என்று தோன்றும்.

இதில் எதுவும் வைஃபையின் வேகத்தைத் தொடுவதில்லை. நீங்களாகத் திறக்கும் பக்கமும் வீடியோவும் முழு வேகத்தில் வரும். ஸ்பீடு டெஸ்ட் செய்து பார்த்தவர்கள் குழம்பிப்போவதும் அதனால்தான். சோதனை நன்றாக இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை என்றால் பழி இணைப்பு தரும் நிறுவனத்தின் மேல் விழுகிறது. ஆள் வருவார், கம்பியைச் சோதிப்பார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது உண்மைதான்.

வீட்டு வைஃபையில் இந்த விசை எப்படி விழுந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வைஃபை இணைப்புகளை விண்டோஸ் வழக்கமாகக் கணக்கில்லாதவையாகவே எடுத்துக்கொள்ளும். சிம் போட்ட லேப்டாப்பின் மொபைல் டேட்டாவைத்தான் தானாகவே அளவிடப்பட்டதாக வைக்கும். அக்காவோ அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. "நான் எதையும் தொடவே இல்லையே" என்றார்.

ஃபைபர் வருவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. 2020 ஊரடங்கில் அக்கா தன் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில்தான் பாடம் எடுத்தார். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. ஒருநாள் விண்டோஸ் அப்டேட் இறங்கி வகுப்பு நடுவிலேயே டேட்டா தீர்ந்துபோக, மகன் இந்த விசையைப் போட்டுக்கொடுத்திருக்கிறான். அப்போது அது மிகச் சரியான வேலை. அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயர் `Mullai`. பின்னால் ஃபைபர் இணைக்க வந்தவர் வைஃபைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, எல்லாக் கருவியிலும் மறுபடி கடவுச்சொல் போட வேண்டாமே என்று அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் அத்தான் கொடுத்திருக்கிறார்.

வைஃபை பற்றிய அமைப்புகளை விண்டோஸ் அதன் பெயரை வைத்தே நினைவில் வைத்துக்கொள்கிறது. பின்னால் இருப்பது ஃபோனா, ஃபைபரா என்று அது பார்ப்பதில்லை. பெயரும் கடவுச்சொல்லும் பொருந்தியதால் லேப்டாப் தானாக இணைந்துகொண்டது. பழைய `Mullai`-யின் விசையும் கூடவே வந்துவிட்டது. பள்ளி வைஃபைக்கு வேறு பெயர் என்பதால் அங்கே தடையில்லை. வீட்டில் போகாத கோப்பு பள்ளியில் போனது இப்படித்தான். மாதாந்திர அப்டேட்டுகளும் வீட்டில் இறங்காமல், பள்ளியில் திறந்ததுமே இறங்கத் தொடங்கியிருக்கின்றன. அங்கே லேப்டாப் அடிக்கடி திணறுகிறது என்று அக்கா சொன்னதன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உறுதிசெய்துகொள்ள ஒரு கட்டளை உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டில் வைஃபையின் பெயரோடு இதைத் தட்டினால் போதும்:

```
netsh wlan show profile name="Mullai"
```

வரும் நீண்ட பட்டியலின் கடைசியில் செலவு பற்றிய பகுதி இருக்கும். அங்கே `Cost` என்ற வரியில் `Unrestricted` என்றிருந்தால் தடை இல்லை. அக்காவுக்கு `Fixed` என்றிருந்தது. கீழே `Cost Source` என்ற வரியில் `User`. அதாவது விண்டோஸ் தானாக எடுத்த முடிவு அல்ல, யாரோ ஒருவர் கையால் வைத்தது.

கட்டளை வேண்டாம் என்பவர்கள் நேராக அமைப்புக்கே போகலாம். விண்டோஸ் 11-ல் `Settings` திறந்து `Network & internet`, அதில் `Wi-Fi`, பிறகு இணைந்திருக்கும் வைஃபையின் `properties`. அங்கே `Metered connection` விசையை அணைத்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் 10-ல் அதன் பெயர் `Set as metered connection`. அந்த விசையை யாரும் தொட்டதே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், டேட்டா வரம்பு ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வரம்பு வைத்தால் அளவிடப்பட்ட இணைப்பு என்ற அடையாளத்தையும் விண்டோஸே போட்டுவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே போன்ற ஒன்று `Low Data Mode` என்ற பெயரில் வைஃபை அமைப்புக்குள் இருக்கிறது.

ஒன்டிரைவின் அறிவிப்பிலேயே, பரவாயில்லை, ஒத்திசை என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அன்றைக்கு மட்டும் வேலை நடக்கும், விசை அப்படியே இருக்கும். நோயை விட்டுவிட்டு அன்றன்றைய காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது போல. விசையை அணைப்பதே நல்லது.

ஆனால் அணைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வேண்டும், குறிப்பாக ஒரே கோப்பில் இரண்டு பேர் வேலை செய்யும் இடங்களில். அக்கா புதன்கிழமை இரவு பத்தாம் வகுப்புத் தாளில் இரண்டு கேள்விகளை மாற்றியிருந்தார். அது போய்ச் சேரவில்லை. வியாழன் காலை சக ஆசிரியை பள்ளிக் கணினியில் பழைய தாளைத் திறந்து மதிப்பெண்களைத் திருத்தியிருந்தார். இரண்டு திருத்தமும் ஒரே கோப்புக்கு. இப்படி நடந்தால் ஒன்டிரைவ் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரோடு கணினியின் பெயரை ஒட்டி, தனி நகலாகப் போட்டுவிடக்கூடும். அதைக் கவனிக்காமல் அச்செடுத்தால் மாணவர் கைக்குத் தவறான தாள் போகும். அதனால் அக்காவின் தாளை முதலில் வேறு பெயரில் சேமித்தோம். சக ஆசிரியையை ஃபோனில் அழைத்து அவர் செய்த திருத்தங்களைக் கேட்டு எழுதிக்கொண்டோம். பிறகுதான் விசையை அணைத்தேன்.

மேகத்தில் இருந்த கோடுகள் மறைந்து வட்ட அம்புகள் சுற்றத் தொடங்கின. பத்து நிமிடம் கழித்து அத்தான் உள்ளே வந்தார். "என்ன பண்ணினீங்க? டிவியில படம் நின்னு நின்னு வருது." இதுவும் எதிர்பார்க்க வேண்டியதுதான். வினாத்தாள் சில நொடிகளில் போய்விட்டது. ஆனால் ஆண்டுவிழாப் படங்களும் வீடியோக்களும் ஒன்பது ஜிபி அதே கோப்புறையில் காத்திருந்தன. மேலேற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ். அது முழுதாகக் கிடைத்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். இந்த நேரத்தில் மட்டும் வைஃபை உண்மையிலேயே மெதுவாக இருக்கும். பயந்துபோய் விசையைத் திரும்பப் போட்டுவிடாமல், இரவு படுக்கும்போது லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, தூங்கிவிடாதபடி அமைத்துவிட்டு விடலாம். அவசரம் என்றால் ஒன்டிரைவ் அமைப்பில் மேலேற்றும் வேகத்துக்கு வரம்பு வைக்கவும் வழியுண்டு.

கடைசியாக அக்காவின் ஃபோனை வாங்கி ஹாட்ஸ்பாட்டுக்கு `Mullai Phone` என்று பெயர் மாற்றினேன். லேப்டாப்பை அதில் ஒருமுறை இணைத்து, அந்தப் பெயருக்கு மட்டும் `Metered connection` விசையைப் போட்டு வைத்தேன். ஒன்றரை ஜிபிக்கு அந்தக் காவல் இன்னமும் தேவை. போன வாரம் மின்வெட்டு வந்து ரவுட்டர் அணைந்தபோது அக்கா ஃபோனில் இணைத்து வேலையைத் தொடர்ந்திருக்கிறார். மேகத்தில் கோடுகள் வந்ததாம். கரண்ட் வந்து வீட்டு வைஃபைக்கு மாறியதும் போய்விட்டனவாம்.