சுருளின் மேல் 330 என்று இருந்தால் போதுமா?

கார் பேட்டரியின் 12 வோல்ட்டிலிருந்து செல்போனுக்கு 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கும் சிறு பலகைகளைச் சென்னை ரிச்சி தெருவில் எளிதாக வாங்கலாம். பலவற்றில் LM2596 என்ற ஐ.சி. இருக்கும். பக்கத்தில், செம்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்புச் சுருள். இண்டக்டர் என்பது அதுதான். ஐ.சி.யைப் பார்த்து வாங்குகிறவர்களில் பலர் இந்தச் சுருளைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பலகை சூடாகுமா, எவ்வளவு சுமை தாங்கும் என்பதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

ஐ.சி.க்குள் இருக்கும் சுவிட்ச் வினாடிக்கு 1,50,000 முறை திறந்து மூடுகிறது. மூடியிருக்கும்போது சுருளின் ஒரு முனையில் 12 வோல்ட், மறுமுனையில் 5 வோல்ட். இடையிலுள்ள 7 வோல்ட் மின்னோட்டத்தை நேர்கோட்டில் ஏற்றிக்கொண்டே போகும். சுவிட்ச் திறந்ததும் சுருள் தன்னிடம் சேர்ந்த ஆற்றலை டையோடு வழியாகச் சுமைக்குத் தருகிறது. மின்னோட்டம் அதே சீராக இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தின் உயரம்தான் ரிப்பிள். அடிப்புள்ளி பூஜ்ஜியத்தைத் தொடாதவரை மின்னோட்டம் அறுபடாமல் ஓடுகிறது என்று பொருள். அப்போது இந்தக் கணக்கு செல்லும்:

ΔI = Vout × (1 − Vout/Vin) / (L × f)

சுருளின் மேல் 330 என்று அச்சிட்டிருந்தால் அது 33 மைக்ரோஹென்றி. கடைசி இலக்கம் எத்தனை பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. 330 மைக்ரோஹென்றிக்கு 331 என்று போடுவார்கள். 33-ஐ வைத்துக் கணக்கிட்டால், டையோடில் போகும் சிறு இழப்பை விட்டுவிட்டு, ரிப்பிள் ஏறத்தாழ 0.59 ஆம்பியர். சுமை 2 ஆம்பியர் என்றால் சுருளில் மின்னோட்டம் 1.7-க்கும் 2.3-க்கும் இடையே ஊசலாடும். சுமையில் 30 சதவீதம் அளவுக்கு ரிப்பிள். வடிவமைப்பாளர்கள் பொதுவாகக் குறிவைப்பதும் 20 முதல் 40 சதவீதம்தான்.

இதே பலகையை லாரியில் மாட்டினால்? எஞ்சின் ஓடும்போது அங்கே 28 வோல்ட் வரை வரும். வெளியே அதே 5 வோல்ட், அதே 2 ஆம்பியர். ஆனால் ரிப்பிள் 0.83 ஆம்பியராகிவிடுகிறது. அதனால் இந்தக் கணக்கை வரக்கூடிய உச்ச உள்ளீட்டு வோல்டேஜில்தான் போட வேண்டும்.

ரிப்பிள் கெடுதல் என்றால் பத்து மடங்கு பெரிய சுருளைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடக்கூடாது. சுமை திடீரென 0.5 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியருக்குத் தாவினால், 33 மைக்ரோஹென்றிச் சுருள் 7 மைக்ரோவினாடியில் அந்த உயரத்தை எட்டிவிடும். 330 மைக்ரோஹென்றிக்கு 70 மைக்ரோவினாடி ஆகும். அதுவரை பற்றாக்குறையை வெளியீட்டுக் கெப்பாசிட்டர் ஈடுகட்ட வேண்டும். அது 220 மைக்ரோஃபாரட் என்றால் வோல்டேஜ் கால் வோல்ட் அளவுக்குச் சரிந்துவிடும். தவிர, அதே அளவு உருவில் சுற்று கூடினால் கம்பி மெலியும், மின்தடை ஏறும், சூடும் ஏறும்.

பழுது பார்க்கும் இடங்களில் அதிகம் சறுக்குவது வேறொரு விஷயத்தில். அதே 330 என்று அச்சிட்ட, ஆனால் உருவில் சிறிய சுருளை எடுத்து மாட்டிவிடுவார்கள். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு செறிவு மின்னோட்டம் உண்டு. அதைத் தாண்டினால் உள்ளேயிருக்கும் காந்தப் பொருளால் மேற்கொண்டு காந்தப்புலத்தைத் தாங்க முடியாது. மைக்ரோஹென்றி மதிப்பு சரியும். ஃபெரைட் உள்ளகத்தில் இந்தச் சரிவு செங்குத்தாக இருக்கும். இரும்புத்தூள் உள்ளகத்தில் மெல்ல நிகழும்.

மாற்றிப் போட்ட சுருளின் செறிவு மின்னோட்டம் 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சுமையும் 2 ஆம்பியர்தானே, சரியாக இருக்கிறதே என்று படும். ஆனால் உச்சி 2.3-ஐத் தொடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கடைசித் துளியில் மதிப்பு சரிய, மின்னோட்டம் இன்னும் வேகமாகத் தாவுகிறது. ஆசிலோஸ்கோப்பில் கரன்ட் புரோப் வைத்துப் பார்த்தால் நேரான சாய்கோட்டின் நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். அந்த வளைவைக் கண்டால் சுருளை மாற்றியே ஆக வேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு ஓர் அடையாளம்: 1 ஆம்பியரில் குளிர்ச்சியாக இருந்த பலகை, 2 ஆம்பியரை நெருங்கும்போது சட்டென்று கொதிக்கும். சூடு ஏற ஏற ஃபெரைட்டின் செறிவு எல்லை இன்னும் கீழே வருவதால் நிலைமை மோசமாகும்.

தரவுத்தாளில் இரண்டு மின்னோட்ட அளவுகள் இருக்கும். ஒன்று செறிவுக்கு, மற்றொன்று சூட்டுக்கு. சூட்டுக்கானதை 2 ஆம்பியர் சராசரியோடு ஒப்பிடலாம். ரிப்பிள் அதில் கூட்டுவது மிகச் சொற்பம். செறிவுக்கானதை உச்சியோடுதான் ஒப்பிட வேண்டும். நம் கணக்கில் லாரிக்கு உச்சி 2.4 ஆம்பியர். சூட்டுக்கும் சுருளுக்குச் சுருள் இருக்கும் வேறுபாட்டுக்கும் இடம்விட்டு, 33 மைக்ரோஹென்றி, 3 ஆம்பியருக்குக் குறையாத செறிவு என்று கேட்டு வாங்குங்கள்.