சந்தை விலையும் தட்டு விலையும்

ஊராட்சி ஒன்றில் சத்துணவு மையத்தின் கணக்குப் பதிவேட்டைச் சில மாதங்களுக்கு முன்பு பார்வையிட நேர்ந்தது. அன்றைய வருகை 80 குழந்தைகள். தொடக்க வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி என்பது மத்திய அரசு வகுத்துள்ள அளவு. அதன்படி 4 கிலோ வாழைக்காய் வாங்கப்பட்டுச் சமைக்கப்பட்டதாகப் பதிவேடு கூறியது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அடுப்பங்கரையின் ஓரத்தில் தோலும் காம்பும் நிறைந்த ஒரு கூடை இருந்தது. அதை நிறுத்துப் பார்த்தபோது 1 கிலோ 600 கிராம் இருந்தது. அப்படியானால் பானையில் விழுந்தது 2 கிலோ 400 கிராம் மட்டுமே. குழந்தை ஒன்றுக்குக் கிடைத்தது 50 கிராம் அன்று, 30 கிராம்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. அமைப்பாளர் வாங்கிய எடையை எழுதினார். சமையலர் தோலைச் சீவினார். சந்தையில் நிறுக்கும் எடை வேறு, உண்ணும் எடை வேறு என்பதை ஒருவரும் கணக்கிற்குக் கொண்டு வரவில்லை, அவ்வளவே.

உண்ணத்தக்க பகுதி

தோல், காம்பு, நார், முற்றிய விதை, அழுகல் ஆகியவற்றை நீக்கிய பிறகு எஞ்சும் எடையை, வாங்கிய எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதே உண்ணத்தக்க பகுதியின் விழுக்காடு. மேலே கூறிய வாழைக்காயில் 4 கிலோவுக்கு 2.4 கிலோ மிஞ்சியது. ஆகவே அது 60 விழுக்காடு. கத்தரிக்காயில் காம்பை மட்டும் நீக்குவதால் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மஞ்சள் பூசணியில் தோலும் குடலும் விதையும் போக 80 விழுக்காட்டை ஒட்டிக் கிடைக்கும்.

இப்போது விலையைப் பார்ப்போம். வாழைக்காய் கிலோ 30 ரூபாய்க்கும் கத்தரிக்காய் கிலோ 36 ரூபாய்க்கும் விற்பதாக வைத்துக்கொள்வோம். வாழைக்காய்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் 30 ரூபாயை 0.60 ஆல் வகுத்தால், சமையலுக்கு ஆகும் ஒரு கிலோ வாழைக்காயின் விலை 50 ரூபாய். 36 ரூபாயை 0.90 ஆல் வகுத்தால் கத்தரிக்காயின் விலை 40 ரூபாய். 50 கிராம் பரிமாற வாழைக்காய்க்கு 2 ரூபாய் 50 காசு ஆகிறது. கத்தரிக்காய்க்கு 2 ரூபாய் போதும். 80 குழந்தைகளுக்கு ஒரு நாளில் 40 ரூபாய் வேறுபாடு. வாழைக்காயின் விலை 24 ரூபாய்க்கு இறங்கினால்தான் இரண்டும் சமமாகும்.

கூட்டுவதில் வரும் பிழை

கழிவு உண்டு என்பதை அறிந்தவர்களும் ஓரிடத்தில் தவறுகின்றனர். வாழைக்காயில் 40 விழுக்காடு கழிவாயிற்றே என்று 4 கிலோவுடன் அதன் 40 விழுக்காட்டைக் கூட்டி 5 கிலோ 600 கிராம் வாங்குவர். அதைச் சீவினால் மிஞ்சுவது 3 கிலோ 360 கிராமே; குழந்தைக்கு 42 கிராம்தான் கிடைக்கும். காரணம், கூட்டி வாங்கிய காயிலும் தோல் இருக்கிறது. தேவையான எடையை உண்ணத்தக்க பகுதியால் வகுப்பதே சரியான வழி. 4 கிலோவை 0.60 ஆல் வகுத்தால் 6 கிலோ 670 கிராம் வாங்க வேண்டும் என்பது தெரியும்.

நிறுத்தறியும் முறை

இவ்விழுக்காட்டை அச்சிட்ட பட்டியலிலிருந்து எடுப்பதைவிட அவரவர் சமையற்கூடத்திலேயே நிறுத்தறிவது நன்று. ஏனெனில் காயின் முதிர்ச்சியும் நறுக்குபவரின் கைப்பழக்கமும் இடத்திற்கு இடம் மாறும்.

ஒன்றிரண்டு காய்களை நிறுத்து முடிவு செய்தலாகாது. அன்று வாங்கிய முழுவதையும் நிறுக்க வேண்டும். கழுவுவதற்கு முன் ஒரு முறை நிறுக்க வேண்டும். நறுக்கிய பின், தண்ணீரில் போடுவதற்கு முன் மறுமுறை நிறுக்க வேண்டும். கீரையில் இது மிகவும் முக்கியம். நீர் தெளித்த கட்டில் நீரின் எடையும் சேர்ந்திருக்கும். ஆகவே நன்றாக உதறிய பிறகே நிறுக்க வேண்டும். கழிவையும் தனியே நிறுத்தல் வேண்டும். உண்ணும் பகுதியும் கழிவும் சேர்ந்து முதல் எடைக்கு ஏறக்குறைய சமமாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் எங்கோ பிழை நேர்ந்துள்ளது. ஒரே காயை மூன்று வெவ்வேறு நாட்களில் இவ்வாறு நிறுத்துச் சராசரியை எழுதி வைத்துக்கொண்டால் அந்தப் பருவத்திற்கு அது போதும்.

ஒரு நாள் விழுக்காடு திடீரெனக் குறைந்தால் கழிவை இரு குவியலாகப் பிரித்துப் பார்க்கலாம். தோல், காம்பு ஒரு குவியல். அழுகல், பூச்சி, முற்றல் மற்றொன்று. இரண்டாவது பெருத்திருந்தால் குறை கொள்முதலில் உள்ளது. முதலாவது பெருத்திருந்தால் குறை கத்தியில் உள்ளது. தோலைத் தடிப்பாகச் சீவுகிறார்கள் என்பது பொருள்.

எது கழிவு என்பதும் சமையலைப் பொறுத்தது. தண்டுக்கீரையின் இளந்தண்டைக் குழம்பில் இட்டால் அது உணவு, எறிந்தால் கழிவு. பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்கும் வீட்டில் அதன் கணக்கு வேறு. உண்மையில் தட்டிற்கு வருவதை மட்டுமே உணவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

இறைச்சிக்கும் இதே கணக்கு

ஊர்ப் பொதுவிருந்துக்குக் கோழி வாங்குவோரும் இதை எண்ணிப் பார்க்கலாம். உயிர் எடையில் 2 கிலோவுள்ள கோழி, கிலோ 130 ரூபாய் வீதம் 260 ரூபாய் ஆகிறது என்போம். இறகு, தோல், தலை, கால், குடல் நீக்கிய பின் 1 கிலோ 300 கிராம் கிடைத்தால், கறியின் உண்மை விலை கிலோ 200 ரூபாய். உரித்த கறியைக் கடையில் கேட்கும் விலையை இதனோடுதான் ஒப்பிட வேண்டும், 130 ரூபாயோடு அன்று. நிறுப்பதற்குச் சற்று முன் தீனி தின்ற கோழியில் இரைப்பையின் எடைக்கும் நாம் விலை கொடுக்கிறோம் என்பதையும் மறத்தலாகாது. எலும்பு கறியோடு சேர்ந்தே பரிமாறப்படுவதால், ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அளவிடும்போது எலும்போடு கூடிய எடையா, இல்லாத எடையா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இக்கணக்கின் எல்லை

இக்கணக்கு விலையை மட்டும் கூறும், சத்தைக் கூறாது. வாழைக்காயில் மாவுச்சத்து மிகுதி; அது கத்தரிக்காயைவிடப் பசி தாங்கும். கீரையில் கழிவு அதிகமென்று அதை விலக்கினால் குழந்தைகளுக்கு இரும்புச்சத்தும் உயிர்ச்சத்தும் குறையும். ஆகவே கீரையைக் கீரையோடும், காயைக் காயோடும் ஒப்பிட்டு வாங்குவதே முறை. மேலும் அடுப்பில் வேகும்போது எடை குறைவதும் கூடுவதும் வேறு கணக்கு. அதை இதனோடு கலத்தலாகாது.

மையங்களுக்குக் காய் அளிக்கும் உழவர்களுக்கும் இதில் பயன் உண்டு. முட்டைக்கோசின் வெளியிலைகளையும் காலிபிளவரின் தழையையும் வயலிலேயே நீக்கினால், அவை மாட்டுக்குத் தீனியாகும், வண்டிக்கூலியும் மிஞ்சும். அவ்வாறு நீக்கிய காய்க்குக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் விலை கேட்பது நியாயமே. மேலே கண்ட வகுத்தல் கணக்கைக் காட்டி அதை வாங்குவோருக்கு விளக்கவும் இயலும்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டியது சிறிய காரியம். மையத்தின் பதிவேட்டில் ‘வாங்கிய எடை’ என்ற பத்தியை அடுத்து ‘பானைக்குச் சென்ற எடை’ என்று மற்றொரு பத்தி வரையச் செய்யுங்கள். முதலிற் கூறிய மையத்தில் அவ்வாறு செய்தபின், வாழைக்காய் நாளன்று ஆறேமுக்கால் கிலோ வாங்குகிறார்கள். விலை ஏறியிருந்தால் கத்தரிக்காய்க்கு மாறிவிடுகிறார்கள். இரண்டு நாளிலும் குழந்தையின் தட்டில் 50 கிராம் விழுகிறது.