"எனக்கு என்னமோ சரியாப் படல, அக்கா"

இரவு ஒன்றரை மணி. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு. இன்சார்ஜ் சிஸ்டர் மேசையில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஜூனியர் நர்ஸ் வந்து நிற்கிறாள்.

"அக்கா, ஏழாவது பெட்... எனக்கு என்னமோ சரியாப் படல."

"பி.பி. எவ்வளவு?"

"நார்மல்தான்க்கா. 110/70. பேடும் பெருசா நனையல."

இது நான் கட்டிய கதைதான். குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையில் நடந்ததன் பதிவல்ல. ஆனால் இதில் வரும் நோயும், அது ஒளிந்துகொள்ளும் விதமும், அதைப் பிடிக்கும் வழியும் பிரசவ வார்டில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்தவை.

ஏழாவது படுக்கையில் இருப்பவளுக்குத் தலைப்பிரசவம். சுகப்பிரசவம்தான், தையல் போட்டிருக்கிறது. பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வலி என்கிறாள். தையல் போட்ட இடம் வலிக்கத்தானே செய்யும்? ஒரு வலி ஊசியைப் போட்டுப் படுக்கச் சொல்வதுதான் பல வார்டுகளில் நடப்பது. இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார்களை இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் இரவில் அதைக் குற்றமென்று சொல்லிவிடவும் முடியாது.

இன்சார்ஜ் பேனாவை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறார்: "நீ என்ன பார்த்தே?"

"படுக்கவே மாட்டேங்குறாக்கா. புரண்டுக்கிட்டே இருக்கா. குழந்தையைக் குடுத்தா வாங்க மாட்டேங்குறா. மோஷன் வர்ற மாதிரி முட்டுதுன்னு மூணு தடவை எந்திரிச்சுட்டா. யூரின் போகல. தையல் வலின்னா இப்படி இருக்குமான்னு..."

இன்சார்ஜ் எழுந்துவிடுகிறார். போகும்போதே, "அவளை டாய்லெட்டுக்கு அனுப்பாதே, படுக்க வை" என்கிறார். உள்ளே ரத்தம் இழந்துகொண்டிருக்கும் பெண் எழுந்து நடந்தால் கழிவறையிலேயே மயங்கி விழலாம்.

பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு என்றால் நம் கண்முன் வருவது நனைந்த துணியும் கட்டிலில் வழியும் ரத்தமும்தான். பெரும்பாலும் கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்து போவதே அதற்குக் காரணம். வயிற்றில் கைவைத்தால் கர்ப்பப்பை கொழகொழவென்று இருப்பது தெரிந்துவிடும். இங்கே இன்சார்ஜ் கைவைத்துப் பார்க்கிறார். கர்ப்பப்பை தொப்புளுக்குச் சற்றுக் கீழே கல்லுப்போலக் கெட்டியாக இருக்கிறது. பேடில் ரத்தம் குறைவு. இவ்வளவையும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று திரும்பிவிடுவது எளிது.

ஆனால் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கவும் வழி உண்டு. பிரசவத்தின்போது பிறப்புறுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள சிறு ரத்தக்குழாய் கிழிந்துவிடும். மேல்தோலும் தையலும் ஒழுங்காகவே இருக்கும். கசியும் ரத்தம் அங்குள்ள தளர்வான திசுக்களுக்குள் சேர்ந்து கட்டியாகும். மருத்துவர்கள் இதை ஹீமடோமா என்பார்கள். அந்தக் கட்டி பின்னால் மலக்குடலை அழுத்துவதால்தான் மலம் முட்டுவது போன்ற உணர்வு. முன்னால் சிறுநீர்ப்பாதையை அழுத்துவதால் சிறுநீர் போகாது. வலியும் தையல் வலியைப் போல இருக்காது. நேரம் ஆக ஆகக் கூடும், மாத்திரைக்கு அடங்காது. ஜூனியர் சொன்ன அத்தனையும் இந்த நோயின் அடையாளங்கள். அவளுக்கு நோயின் பெயர்தான் தோன்றவில்லை.

அப்படியானால் பி.பி. ஏன் குறையவில்லை? கர்ப்ப காலத்தில் பெண்ணுடலில் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி வரை கூடியிருக்கும். ஆரோக்கியமான இளம்பெண்ணின் உடல், ரத்தம் குறையத் தொடங்கியதும் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகும் மேல் எண் 100-க்கு மேலேயே நிற்கலாம். அதன் பிறகு சடாரென்று சரியும். ஆகவே முதலில் பேசுவது பல்ஸ்தான்.

இன்சார்ஜ் சார்ட்டைப் பார்க்கிறார். பிரசவ அறையிலிருந்து வந்தபோது பல்ஸ் 88. ஒரு மணிக்கு 104. இப்போது மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிடம் எண்ணுகிறார்: 118. பி.பி. 108/76. பல்ஸை பி.பி.யின் மேல் எண்ணால் வகுத்தால் ஒன்றைத் தாண்டுகிறது. பிரசவித்த பெண்ணுக்கு இது 0.9-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் பயமுறுத்தவில்லை. மூன்று பல்ஸையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

டார்ச் அடித்துப் பார்த்தால் வலப்பக்கம் லேசான வீக்கம், தோல் பளபளவென்று இழுபட்டிருக்கிறது. கட்டி மேலே இருந்தால் இந்த அடையாளமும் இருக்காது. மருத்துவர் உள்ளே விரல்வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உடனே டூட்டி டாக்டருக்குப் போன். "ஏழாவது பெட் பேஷண்டுக்கு ஒன்றும் சரியில்லை" என்று அவர் சொல்லவில்லை. "தலைப்பிரசவம், தையல் போட்டு மூன்று மணி நேரம். பல்ஸ் 88-லிருந்து 118. கர்ப்பப்பை கெட்டியாக இருக்கு, வெளியே ரத்தம் இல்லை, மலம் முட்டுதுங்கறா. ஹீமடோமான்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும் மேடம்." அரைத்தூக்கத்தில் இருக்கும் மருத்துவரையும் எழுப்பிவிடும் பேச்சு இது. மருத்துவர் வருவதற்குள் இரண்டு கைகளிலும் பெரிய அளவு வென்ஃப்ளான், சலைன், சிறுநீர்க் குழாய், ரத்த வங்கிக்கு கிராஸ்மேட்ச் மாதிரி எல்லாம் முடிந்திருந்தன. ஜூனியர் அந்தப் பெண்ணின் கையைவிட்டு நகரவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிப்போகும் வழியில் பி.பி. 84/50. அந்த நேரத்தில் நரம்பு தேடியிருந்தால் கிடைத்திருக்காது. தையலைப் பிரித்து, சுமார் 700 மில்லி உறைந்த ரத்தத்தை எடுத்து, கசிந்த இடத்தைக் கட்டி, துணி அடைத்து, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். விடியும்போது பல்ஸ் 90-க்கு வந்தது.

ஜூனியரிடம் இருந்ததை உள்ளுணர்வு என்கிறோம். மந்திரம் ஒன்றும் இல்லை. கண் பார்த்துவிட்டது, மனம் இன்னும் வரிசைப்படுத்தவில்லை, அவ்வளவுதான். நெதர்லாந்தில் செவிலியரின் இந்தக் கவலையை ஆராய்ந்த குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், அதன் பின்னால் இருக்கும் அறிகுறிகளைப் பத்து வகையாகப் பிரித்திருக்கிறது. அமைதியின்மை, வலி, நோயாளியே 'எனக்கு முடியவில்லை' என்று சொல்வது எல்லாம் அதில் உண்டு. ஆஸ்திரேலியாவின் லிவர்பூல் மருத்துவமனையில் 1990 வாக்கில் அவசர மருத்துவக் குழு முறையைத் தொடங்கியபோது, பல்ஸ், பி.பி. எண்களோடு 'நோயாளியைப் பற்றிக் கடும் கவலை' என்பதையும் குழுவை அழைக்கப் போதுமான காரணமாக வைத்தார்கள்.

ஜூனியரின் கவலை தவறாகவும் போகும். பத்துப் பேரில் பலருக்கு அது வெறும் தையல் வலியாகவே இருக்கும். இன்சார்ஜ் அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்டார், தானே போய்க் கைவைத்துப் பார்த்தார். வெறும் வலியாக இருந்தால் ஐந்து நிமிடம் போயிருக்கும். "பி.பி. நார்மல்தானே, போய் வேலையைப் பார்" என்று விரட்டியிருந்தால், அந்தப் பெண் அடுத்த முறை வந்து சொல்ல யோசித்திருப்பாள். என் கணக்கில் இன்சார்ஜ் செய்த பெரிய காரியம் நோயைக் கண்டுபிடித்ததல்ல, அந்த ஒரு கேள்வி.

உங்கள் வீட்டுப் பெண் பிரசவித்துப் படுத்திருக்கும்போது, வலி கூடிக்கொண்டே போகிறது, மலம் முட்டுகிறது, சிறுநீர் போகவில்லை, படபடவென்று வருகிறது என்று சொன்னால், 'பிள்ளை பெத்தா அப்படித்தான்' என்று அடக்காதீர்கள். அவளைத் தனியாகக் கழிவறைக்கு அனுப்பாதீர்கள். சிஸ்டரிடம் போய், "பல்ஸ் கொஞ்சம் பாருங்க, முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?" என்று கேளுங்கள். ஒருமுறை சொல்லி யாரும் வராவிட்டால் இன்னொரு முறை போய்ச் சொல்லுங்கள்.