மூன்று பத்துக்கு ஒரு பார்வை

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஷேர் வாங்க நினைத்தவர், பெரும்பாலும் புரோக்கருக்குப் போன் போட வேண்டியிருந்தது. லைன் கிடைக்கக் காத்திருந்து, எந்த ஷேர், எத்தனை, என்ன விலை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் வழியாகவே வாங்கி விற்கும் வசதி வந்தது. அப்படிப் போனிலிருந்து திரைக்கு மாறிய 1,607 பேரின் கணக்குகளை, கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் அலசி, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். போன் காலத்தில் இவர்கள் சந்தையைவிட ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். திரைக்கு மாறிய பிறகு சந்தையைவிட 3 சதவீதத்துக்கும் மேல் பின்தங்கிப் போனார்கள்.

நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஆசையோடு திரைக்கு மாறினார்கள். அவர்களுடைய அதிர்ஷ்டம் எப்படியும் ஒருநாள் தணிந்திருக்கும் என்று வாதிடலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால், மாறிய கையோடு அவர்கள் வாங்கி விற்கும் எண்ணிக்கை ஏறியதே, அதை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது.

இன்று அந்தத் திரை சட்டைப் பையில் இருக்கிறது. இந்தியாவில் இன்ட்ராடே, அதாவது வாங்கிய ஷேரை அன்றைக்கே விற்றுவிடும் வர்த்தகம் செய்யும் தனிநபர்களைப் பற்றி, செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் அவர்களில் 10 பேரில் 7 பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 10 பேரில் 8 பேருக்கு நஷ்டம். கை பழகப் பழகத் தேர்ச்சி வரும் என்பது மற்றத் தொழில்களில் சரி. இங்கே கணக்கு தலைகீழாக நிற்கிறது.

முதல் காரணம் கட்டணம். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஒரு ஷேரை வாங்கி, அன்றே அதே விலைக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால், வாங்க 20, விற்க 20 என்று புரோக்கருக்கு 40 ரூபாய். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரை வரி எல்லாம் சேர்ந்து இன்னொரு 17 ரூபாய். ஆக 82 ரூபாய் போய்விட்டது. ஒரு லட்சத்துக்கு 82 ரூபாய் யார் கண்ணையும் உறுத்தாது. இதையே நாளுக்கு ஆறு தடவை, மாதம் 20 நாள் செய்தால் கிட்டத்தட்ட 10,000 ரூபாய் ஆகிறது. முதலில் பத்தில் ஒரு பங்கு, விலை அசையாமலே, ஒரே மாதத்தில் கரைந்துவிடுகிறது. செபியின் அதே ஆய்வில், நஷ்டப்பட்டவர்கள் தங்கள் நஷ்டத்துக்கு மேல், அதில் இன்னொரு 57 சதவீதம் அளவுக்குக் கட்டணமாகவே கொடுத்திருந்தார்கள்.

இரண்டாவது காரணம் திரையே. நம் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை 375 நிமிடம் ஓடுகிறது. ஐந்து நிமிட சார்ட்டில் அது 75 கேண்டில். ஒவ்வொன்றும் பச்சையாகவோ சிவப்பாகவோ வந்து நிற்கும்போது ஏதோ செய்தி சொல்வதுபோல் தோன்றும். ஆப்ஷன் டிரேடராக இருந்த நசீம் தாலிப், 2001இல் வந்த ‘ஃபூல்ட் பை ரேண்டம்னஸ்’ புத்தகத்தில் ஓய்வுபெற்ற ஒரு பல் மருத்துவரைக் கற்பனை செய்து இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார். ஆண்டுக்கு 15 சதவீதம் வருமானம், 10 சதவீத ஏற்ற இறக்கம் உள்ள நல்ல முதலீடு அவருடையது. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால், நூற்றுக்கு 93 தடவை லாபம்தான் கண்ணில் படும். மாதம் ஒருமுறை பார்த்தால் 67. தினம் பார்த்தால் 54. நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தால், ஐம்பதுக்குச் சற்று மேல், அதாவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். முதலீடு எல்லா நிலையிலும் ஒன்றேதான். அடிக்கடி பார்ப்பவருக்கு நாளெல்லாம் நஷ்டம் கண்ணில் படுகிறது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கிறது.

அந்தப் பரபரப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு லட்சம் ரூபாயில் டிரேடிங் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கவனித்துவரும் ஷேர் மூன்று மாதமாக 455க்கும் 500க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கிறது. 500ஐத் தாண்டி முடிந்தால் வாங்கலாம் என்பது முந்தைய இரவு போட்ட திட்டம். நல்ல திட்டம்தான். மறுநாள் காலை 10.20க்கு வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில் போனைத் திறக்கிறார். விலை 493, நீளமான பச்சை கேண்டில். தன்னை விட்டுவிட்டு ஏறிவிடுமோ என்ற பயத்தில் 494க்கு 200 ஷேர் வாங்குகிறார். பதினொரு மணிக்கு 489. பயந்து விற்கிறார். மதியம் மறுபடி 496. விட்டதைப் பிடிக்க மறுபடி வாங்குகிறார். அது 491க்கு இறங்க, மறுபடி விற்கிறார். அன்று ஷேர் 490இல் முடிகிறது. போனது 2,000 ரூபாய், கட்டணம் 160 சொச்சம். அந்த நாளை தினசரி சார்ட்டில் தேடினால் ஒரு சின்னக் கேண்டில் மட்டும் இருக்கும். அவர் காத்திருந்த சம்பவம் நடக்கவே இல்லை.

அவருடைய திட்டத்துக்குத் திரை தேவையே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல்: விலை 500ஐ நெருங்கிவிட்டதா, இல்லையா? அதைச் சொல்ல அலர்ட் போதும். புரோக்கர் ஆப்களிலும் சார்ட் தளங்களிலும் இந்த வசதி உண்டு. விலையைக் குறித்து வைத்தால், அங்கே வந்ததும் போன் ஒலிக்கும்.

ஆனால் அலர்ட்டைத் தப்பாகவும் வைக்கலாம், பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். 500இல் வைத்து, ஒலித்த நொடியில் வாங்கினால், பழைய பரபரப்பே வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. விலை காலையில் 502ஐத் தொட்டுவிட்டு மதியம் 492க்குத் திரும்புவது அன்றாடம் நடப்பது. ஆகவே நம் கடைக்காரர் 498இல் அலர்ட் வைக்கிறார். அது ஒலித்தால் வாங்கு என்று பொருள் இல்லை, இன்று 3.10க்கு இந்த ஷேரைத் திறந்து பார் என்று மட்டுமே பொருள். அந்த நேரத்துக்குள் அன்றைய தினசரி கேண்டில் ஏறக்குறைய உருவாகிவிட்டிருக்கும், ஆர்டர் போடவும் 20 நிமிடம் மிச்சம் இருக்கும். அப்போது விலை 500க்கு மேல் நின்றால் வாங்குவார். கீழே இருந்தால் மூடிவிடுவார். ஏற்கெனவே 515க்குப் போயிருந்தாலும் மூடிவிடுவார், ஏனென்றால் அந்த விலைக்கு அவர் திட்டம் போடவில்லை. 3.10க்கு 501இல் வாங்கியது 498இல் முடியும் நாளும் வரும். அந்த நஷ்டத்தை இந்த முறைக்கான விலையாக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

எத்தனை ஷேர் வாங்குவது என்பதையும் முந்தைய இரவே எழுதியாகிவிட்டது. ஒரு வர்த்தகத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது; 504இல் வாங்கி 482இல் விலகுவதென்றால் ஷேருக்கு 22 ரூபாய் ஆபத்து; ஆகவே 45 ஷேர். இந்தக் கணக்கை அலர்ட்டின் குறிப்புக் கட்டத்திலேயே எழுதிவைத்தால், போன் ஒலிக்கும்போது சார்ட்டுக்கு முன்பு அந்த வரி கண்ணில் படும்.

வாங்கிய பிறகு ஸ்டாப்லாஸை அலர்ட்டை நம்பி விடக் கூடாது. அலர்ட் சொல்லத்தான் செய்யும், விற்காது. கடையில் கூட்டம் நெரியும்போது ஒலித்தால் யார் பார்ப்பது? அதற்கு ‘ஜிடிடி’ என்ற ஆர்டர் இருக்கிறது. குறித்த விலை வந்ததும் விற்பனை ஆர்டர் தானாகவே எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். 482 வந்தால் 478 வரை விற்கலாம் என்று போட்டுவைப்பார். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கெட்ட செய்தி வந்து மறுநாள் காலை ஷேர் நேராக 470இல் திறந்தால், ஆர்டர் போகும், ஆனால் 478க்கு வாங்க ஆள் இருக்காது. ஷேர் கையிலேயே நிற்கும். ஆகவே ஜிடிடி கிளம்பியதாக அறிவிப்பு வந்தால் மட்டும், நேரம் காலம் பார்க்காமல் ஆப்பைத் திறந்து, விற்றுவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். போனஸ், ஷேர் பிரிப்பு வரும் நாட்களில் விலையே மாறிவிடுவதால் பழைய அலர்ட் பொய்யாக ஒலிக்கலாம். ஜிடிடியைப் பல புரோக்கர்கள் ரத்தும் செய்துவிடுவார்கள். சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஆப்பின் அறிவிப்பையே அடக்கிவிடும். முதல் நாளே இப்போதைய விலைக்கு ஒட்டினாற்போல் ஓர் அலர்ட் வைத்து, போனைப் பூட்டிவிட்டு, ஒலிக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது.

மீதி வேலையெல்லாம் சந்தை மூடிய பிறகுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம்: கையில் இருக்கும் ஷேர்கள், கவனிக்கும் ஷேர்கள், நாளைக்கு எந்த அலர்ட்டை மாற்ற வேண்டும் என்பது மட்டும். சனிக்கிழமை வாராந்திர சார்ட். கவனிக்கும் ஷேர் பத்துக்குள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அலர்ட்டுக்குள் நின்றால்தான் இது நடக்கும். நாற்பது அலர்ட் வைத்தவருடைய போன் நாள் முழுக்கக் கத்தும். திரையைப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

நிமிடக் கணக்கில் வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கும், காலாவதி நாளில் ஆப்ஷன் விற்றுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் இந்த முறை பொருந்தாது. அவர்கள் கண்ணை எடுக்க முடியாது. நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஷேரை வைத்திருக்க நினைத்து, ஆனால் நிமிடக் கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கான முறை இது.

அவர்களில் தானும் ஒருவரா என்று தெரிந்துகொள்ள, புரோக்கர் தளத்திலிருந்து கடந்த மூன்று மாத வர்த்தகப் பட்டியலை இறக்கிக்கொள்ளலாம். முந்தைய இரவு திட்டமிட்ட வர்த்தகத்துக்குப் பக்கத்தில் ‘தி’ என்றும், திரையைப் பார்த்ததும் தோன்றியதற்கு ‘பா’ என்றும் எழுதி, இரண்டையும் தனித்தனியே கூட்டி, காண்ட்ராக்ட் நோட்டில் இருக்கும் கட்டணத்தைக் கழிக்க வேண்டும். நம் கடைக்காரரின் அன்றைய பட்டியலில் இருந்தவை இரண்டு வர்த்தகம். இரண்டுக்கும் நேராக அவர் எழுத வேண்டியது ‘பா’.