ஹேலி முறை

ஹேலி முறை என்பது f(x) = 0 என்னும் சமன்பாட்டின் மூலத்தை, இரண்டாம் வகைக்கெழுவையும் பயன்படுத்திக் காணும் எண்முறை ஆகும். எட்மண்டு ஹேலி இதை 1694இல் வெளியிட்டார். மூலத்தை நெருங்கியபின் ஒவ்வொரு படியிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ மும்மடங்காகும். நியூட்டன் முறையில் இருமடங்காகும்.

```
x − 2 f f' / (2 f'² − f f'')
```

மூன்று மதிப்புகளுக்கும் ஒரே செலவு எனில் ஆதாயம் சொற்பமே. ஆறு கணிப்புகளில் ஹேலியின் இரு படிகள் இலக்கங்களை ஒன்பது மடங்காக்கும். நியூட்டனின் மூன்று படிகள் எட்டு மடங்காக்கும். f'' கணிக்கக் கடினமானால் நியூட்டனே மேல்.

செயற்கைக்கோளின் இருப்பிடம் காண உதவும் கெப்ளர் சமன்பாட்டில் நிலைமை வேறு:

```
f   = E − e sin E − M
f'  = 1 − e cos E
f'' = e sin E
```

f-க்காகக் கணித்த சைன் மதிப்பே f''-க்கும் போதும். e = 0.5, M = 1 ரேடியன் என்க. E = 1 எனத் தொடங்கினால், ஒரே படியில் நியூட்டன் 1.5765 தரும், ஹேலி 1.4943 தரும். சரியான விடை 1.4987.