லண்டனில் மணி ஒன்றா, இரண்டா?

ஜூமில் வெபினார் ஒன்றை உருவாக்குபவர், மெயில் அமைப்புகளுக்குள் போனால் மூன்று தேர்வுகளைப் பார்ப்பார்: ஒரு வாரம் முன்பு, ஒரு நாள் முன்பு, ஒரு மணி நேரம் முன்பு. மூன்றிலும் டிக் அடித்தால், பதிவு செய்த எல்லோருக்கும் நினைவூட்டல் தானாகப் போய்விடும். பலர் அத்தோடு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள். ஒரே வாசகம் மூன்று முறை போகிறது. பெறுபவர் முதல் மெயிலைப் படிக்கிறார்; மற்ற இரண்டும் ஏற்கெனவே படித்ததுதானே என்று தள்ளிவிடுகிறார்.

உண்மையில் மூன்றுக்கும் வேலை வேறு. ஒரு வாரம் முன்பு போவது நாளை ஒதுக்கிவைக்கச் சொல்கிறது. ஒரு நாள் முன்பு போவது தயாராகச் சொல்கிறது. கடைசி மணி நேரத்தில் போவது உள்ளே நுழைய வழிகாட்டுகிறது. இதை ஒரு மாதிரி நிகழ்ச்சியை வைத்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி, சென்னை ஆசிரியை ஒருவர் ஒரு மணி நேர வெபினார் நடத்துவதாகக் கொள்வோம். 2025 அக்டோபர் 26, ஞாயிறு, இந்திய நேரம் மாலை 6.30. பதிவு செய்தவர்கள் சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று பரவியிருக்கிறார்கள். எளிய நிகழ்ச்சிதான். ஆனால் அந்தத் தேதியில் இரண்டு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன.

முதல் சிக்கல் காலண்டரில் கண்ணுக்குத் தெரிவது. தானியங்கி அமைப்பு, ஒரு வார மெயிலைச் சரியாக அக்டோபர் 19 மாலை அனுப்பும். மறுநாள் தீபாவளி. வாழ்த்துகளும் தள்ளுபடி அறிவிப்புகளும் குவியும் அந்த மாலையில், அடுத்த ஞாயிறை யாரும் திட்டமிட மாட்டார்கள். ஆகவே இந்த ஒரு மெயிலை மட்டும் தானியங்கியிடம் விடாமல், பண்டிகைக் களைப்பு தீர்ந்த 22-ஆம் தேதி புதன்கிழமை கையால் அனுப்புவது நல்லது. ஒரு வாரம் என்பது கட்டளை அல்ல. வரப்போகும் வாரயிறுதிக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளும் முன் ஆளைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் இதைவிட மோசமானது. பிரிட்டனில் கோடைக்கால நேரம் அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலை முடிகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். 2025-இல் அந்த ஞாயிறு, இதே 26-ஆம் தேதி. அதுவரை இந்தியாவுக்கும் லண்டனுக்கும் இடையே நாலரை மணி நேர வித்தியாசம். அன்று முதல் ஐந்தரை. மெயில் எழுதுகிற நாளின் கணக்கை வைத்து 'லண்டனில் பிற்பகல் 2 மணி' என்று போட்டால், அதை நம்பிய பெற்றோர் உள்ளே வரும்போது சென்னையில் மணி 7.30. வகுப்பு முடிந்திருக்கும். சரியான நேரம் பிற்பகல் 1 மணி. டொராண்டோவில் கடிகாரம் மாறுவது அதற்கு அடுத்த ஞாயிறுதான் என்பதால், அங்கே காலை 9 மணி என்பது அப்படியே நிற்கும். சிங்கப்பூரில் இரவு 9 மணி. அங்கே கடிகாரம் மாறும் வழக்கமே இல்லை.

இந்தக் கணக்கை மனிதர் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. முதல் மெயிலில் காலண்டரில் சேர்ப்பதற்கான சிறு கோப்பு ஒன்றை இணைக்கலாம்; `.ics` என்று முடியும் கோப்பு அது. அதற்குள் நேரம் இப்படி இருக்க வேண்டும்:

```
DTSTART:20251026T130000Z
DTEND:20251026T140000Z
```

கடைசியில் நிற்கும் Z, இது உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. லண்டனில் இருப்பவர் அதைத் தொட்டால், அவருடைய போன் அன்றைய கடிகார மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 1 மணி என்றே காட்டும். முதல் மெயிலின் வேலை இந்தக் கோப்பைக் காலண்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். ஆசிரியையின் நீண்ட அறிமுகம் அதில் தேவையில்லை. தலைப்பு, நாள், ஊர்வாரியான நேரம், காலண்டர் கோப்பு போதும்.

ஒரு நாள் முன்பு போகும் மெயிலில் 'நாளை இதே நேரம் சந்திப்போம்' என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த நிகழ்ச்சியில் அது ஆளைத் தவறாக வழிநடத்தும். சனிக்கிழமை அந்த மெயில் லண்டனுக்கு வரும்போது அங்கே பிற்பகல் 2 மணி; மறுநாள் வகுப்போ 1 மணிக்கு. ஆகவே நேரத்தை எண்ணிலேயே எழுதி, 'இன்றிரவு உங்கள் ஊரில் கடிகாரம் மாறுகிறது' என்று லண்டன்காரர்களுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். மற்றபடி இந்த மெயிலில் தயாரிப்புக்கு இடம் கொடுக்கலாம்: பிள்ளை இப்போது படிக்கும் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள், ஜூம் செயலியை இன்றே புதுப்பித்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் செயலி அப்டேட் கேட்டு நின்றுபோவது எல்லோரும் அறிந்த தொல்லை.

ஒரு மணி நேரம் முன்பு போவது மிகச் சிறியதாக இருக்கட்டும். அதைத் திறப்பவர் படிக்க வரவில்லை, லிங்க்கைத் தேடி வருகிறார். லிங்க் முதல் வரியிலேயே, போனில் விரலால் தள்ளாமல் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். பதிவு கட்டாயமான ஜூம் வெபினாரில் ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் உண்டு. அது அவர் பெயரோடு கட்டப்பட்டது. அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், வருகிறவர் அவர் பெயரிலேயே உள்ளே வருவார். நண்பர்களுக்குப் பதிவுப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் இந்தக் குழப்பம் குறையும்.

இந்தக் கடைசி மெயிலுக்கு இன்னொரு ஆபத்து, தாமதம். ஜூம் அனுப்பாமல் அமைப்பாளரே சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து அனுப்பினால், ஒரு நாளில் 500 பேர் என்ற வரம்பு குறுக்கே வரும். அறுநூறு பேர் பதிவு செய்திருந்தால், நூறு பேருக்கு மெயிலே போகாது. அது தெரியவரும்போது திருத்த நேரம் இருக்காது. ஜூமும் தனி மெயில் சேவையும் சேர்ந்து அனுப்பினாலோ ஒரே ஆளுக்கு இரண்டிரண்டாக வரும். நிகழ்ச்சி நேரத்தை மாற்றினால், தனிச் சேவையில் ஏற்கெனவே வரிசையில் வைத்த மெயில்கள் பழைய நேரத்தையே சுமந்துகொண்டு போகும். ஒரே இடத்திலிருந்து அனுப்புவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

தாமதமாகப் பதிவு செய்பவர்களை மறக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை பதிவு செய்தவருக்கு முதல் நினைவூட்டல் கிடைத்திருக்காது. நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பு பதிவு செய்தவருக்கு மூன்றுமே கிடையாது. அவர்கள் கையில் இருப்பது பதிவானதும் வரும் உறுதிப்படுத்தும் மெயில் மட்டும்தான். லிங்க், ஊர்வாரி நேரம், காலண்டர் கோப்பு எல்லாம் அதிலும் இருந்தால்தான் அவர்கள் வந்துசேர்வார்கள்.

மெயில்கள் வேலை செய்தனவா என்று பார்க்க, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் திறக்காத மெயிலையும் திறந்ததாகக் காட்டிவிடுகிறது. நம்பத்தக்கது ஜூம் தரும் பங்கேற்பாளர் அறிக்கை. அதில் ஒவ்வொருவரும் உள்ளே வந்த நேரம் இருக்கும். சென்னைக்காரர்கள் 6.30-ஐ ஒட்டி வந்திருக்க, லண்டன்காரர்களின் வருகை 7.30-ஐ ஒட்டிக் கூட்டமாகத் தெரிந்தால், கோளாறு ஆர்வத்தில் இல்லை, மெயிலில் எழுதிய நேரத்தில் இருக்கிறது. அவர்களுக்கு அன்றே வகுப்பின் காணொளியை அனுப்பி, தவறு நம்முடையது என்றும் எழுதிவிடலாம்.