மைக்கில் படிக்கிற அறிவிப்பை வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதுவது எப்படி?



போன மழைக்காலத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு வேலை வந்தது. வெள்ள எச்சரிக்கைத் தாளைக் கையில் கொடுத்து, ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கில் படிக்கச் சொன்னார்கள். நல்லாப் படிக்கிற பொண்ணு என்று என்னை ஏற்றிவிட்டார்கள். நானும் இரண்டு தெருவுக்கு மூச்சு வாங்க வாங்கப் படித்தேன். மூன்றாவது தெருவில் ஒரு ஆச்சி வாசலில் நின்றபடி பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்: "என்னமோ ஆத்துல குளிக்கச் சொல்லுதாவளே, என்ன விசேஷமாம்?"

தாளில் இருந்தது "குளிக்க வேண்டாம்" என்பது. "வேண்டாம்" வருவதற்குள் எனக்கு மூச்சு முடிந்துவிட்டது, ஆட்டோவும் அவர்கள் வீட்டைத் தாண்டிவிட்டது.

தண்டோரா போடுவதற்குத் தமிழக அரசு 2022-ல் தடை விதித்து, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்ம பக்கம் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பல ஊர்களில் கரண்டும் இல்லை, செல்போனும் வேலை செய்யவில்லை. அந்த மாதிரி நேரத்தில் தெருவில் வருகிற குரல்தான் செய்தி. அதனால் மைக்கில் படிக்கிற தாளை எப்படி மாற்றி எழுதுவது என்று எங்கள் குழுவில் உட்கார்ந்து செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாளில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். இது பயிற்சிக்காக நாங்களே எழுதிக்கொண்ட மாதிரி:

"பாபநாசம், சேர்வலாறு மற்றும் மணிமுத்தாறு அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்துவரும் தொடர் கனமழை காரணமாக இன்று இரவு உபரிநீர் வெளியேற்றப்படவுள்ளதால் தாமிரபரணி ஆற்றின் கரையோரத் தாழ்வான பகுதிகளில் வாழும் பொதுமக்கள் ஆற்றில் குளிக்கவோ, துணி துவைக்கவோ, கால்நடைகளை இறக்கவோ வேண்டாமெனவும், அரசு மேல்நிலைப் பள்ளியில் அமைக்கப்பட்டுள்ள முகாமிற்குச் செல்லுமாறும் அறிவுறுத்தப்படுகிறார்கள். உதவிக்கு 1077."

எழுத்தில் ஒரு குறையும் இல்லை. கண்ணால் படிக்கிறவர்களுக்குப் புரியும், புரியாவிட்டால் திரும்பப் படிக்கலாம். காதால் கேட்கிறவர்களுக்குத் திரும்பப் போக வழியில்லை.

அவர்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டோம். ஆட்டோ மெதுவாக, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால்கூட ஒரு வினாடிக்கு 4 மீட்டர் நகரும். வீட்டுக்கு இந்தப் பக்கம் 50 மீட்டர், அந்தப் பக்கம் 50 மீட்டர் தெளிவாகக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டரைக் கடக்க 25 வினாடி. நிறுத்தி நிறுத்திப் படித்தால் அதற்குள் 35 வார்த்தை சொல்லலாம். அதற்குள் முழுச் செய்தியும் முடிய வேண்டும். முடிந்த உடனே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் ஒருத்தி நடுவிலிருந்து கேட்பாள், இன்னொருத்தி கடைசியிலிருந்து கேட்பாள்.

இனி மூச்சு விஷயம். தமிழில் வினை கடைசியில்தான் வரும். "வேண்டாம்", "கூடாது" என்பதெல்லாம் அதற்கும் கடைசி. மேலே இருக்கிற தாளில் அணை பெயரில் தொடங்கி "வேண்டாம்" வரும்வரை எங்கேயும் முற்றுப்புள்ளி இல்லை. படிக்கிறவள் மூச்சு வாங்கியாக வேண்டும். கேட்கிறவளோ, முடிவு என்ன என்று தெரியாமலே அத்தனையையும் மனசில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் ஒரு வரிக்கு ஒரு செய்தி, ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று பிரித்தோம். நான்கைந்து வார்த்தைக்கு மேல் ஒரு வரியில் வைக்கவில்லை.

எங்கே மூச்சு வாங்கலாம் என்பதற்குச் சாய்கோடு போட்டுக்கொண்டோம். "வந்து", "போய்", "விட்டு" என்று முடிகிற இடத்தில் நிறுத்தினால் காதுக்கு உறுத்தாது. "இன்னைக்கு ராத்திரி" மாதிரி நேரம் சொல்லி முடித்த இடத்திலும் நிறுத்தலாம். எண்ணுக்கும் அளவுக்கும் நடுவில் மட்டும் நிறுத்தவே கூடாது. "இருபது" என்று சொல்லி மூச்சு வாங்கிவிட்டு "ஆயிரம்" என்றால் பாதிப் பேர் இருபதோடு போய்விடுவார்கள். அதே மாதிரி க், ச், த், ப் என்று ஒற்று வந்து இரண்டு வார்த்தை ஒட்டிக்கொள்கிற இடத்திலும் நிறுத்த முடியாது. "தாழ்வானப்" என்று நிறுத்திப் பாருங்கள், விக்கல் வந்த மாதிரி இருக்கும். (அங்கே "ப்" போடுவதே தப்பு, அது வேற கதை.)

அடுத்தது நாக்கு சுளுக்குகிற வார்த்தைகள். "வெளியேற்றப்படவுள்ளதால்" என்பதை மூன்று தடவை வேகமாகச் சொல்லச் சொன்னேன், ஒருத்தராலும் முடியவில்லை. "வெளியேற்றப்பட உள்ளதால்" என்று பிரித்து எழுதினால் கொஞ்சம் தேவலை, "திறக்கப் போறாங்க" என்றால் தொல்லையே இல்லை. "தாழ்வான பகுதிகளில் வாழும்" என்பதில் ழ, ள, ல மூன்றும் மாறி மாறி வருகின்றன. குழாய் ஒலிபெருக்கியில் மூன்றும் ஒரே சத்தமாகத்தான் வெளியே வரும். எதிர்ச்சுவரில் பட்டு எதிரொலி வேற சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இதில் நாங்களே ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். எளிமையாக எழுதுகிறோம் என்று நினைத்து "பள்ளத்து வீட்டுக்காரங்க பள்ளிக்கூடத்துக்கு வாங்க" என்று எழுதினோம். தாளில் அழகாக இருந்தது. சத்தமாகப் படித்தபோது ஒருத்தி "பள்ளிக்கூடத்து வீட்டுக்காரங்க" என்று உளறினாள், எல்லோரும் சிரித்துவிட்டோம். ஒரே மாதிரித் தொடங்குகிற இரண்டு வார்த்தை ஒரு வரியில் வரக்கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஆத்தங்கரை வீட்டுக்காரங்க", "ஸ்கூலு" என்று மாற்றினோம்.

"ஆறு" என்ற வார்த்தையிலும் கவனம் வேண்டும். "ஆறு ஆறு அடி ஏறியிருக்கு" என்றால் யாருக்குப் புரியும்? நதியைத் தாமிரபரணி என்றோ, பேச்சில் "ஆத்துல", "ஆத்தை" என்றோ சொல்லுங்கள். மணியைச் சொல்லும்போது "சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம், ஆறு மணி" என்று துணைக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கன அடிக் கணக்கை என்ன செய்வது என்று குழுவில் வாக்குவாதமே நடந்தது. "20,000 கன அடி" என்று தாளில் வந்தால் அது ஒரு வினாடிக்கு இறங்குகிற தண்ணீர். ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல். இதைத் தெருவில் சொல்லி விளக்க முடியாது. திருநெல்வேலிக்காரர்கள் "குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிருமா?" என்றுதான் கேட்பார்கள். உங்கள் ஊரிலும் ஒரு படித்துறையோ கல்மண்டபமோ அந்த மாதிரி அளவுகோலாக இருக்கும். ஆனால் எத்தனை கன அடிக்கு எதுவரை தண்ணீர் ஏறும் என்று நாமாக முடிவு செய்து சொல்லக்கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, அவர் சொன்னால் மட்டும் சேர்க்க வேண்டும்.

அணைகளின் பெயரை எடுத்துவிட்டோம். மூன்று பெயர் சொல்லவே நாலைந்து வினாடி போகிறது, எங்கள் ஊருக்கு எந்த அணைத் தண்ணீர் என்பதால் வித்தியாசம் இல்லை. ஆனால் மணிமுத்தாறு தாமிரபரணியில் சேருகிற இடத்துக்கு மேலே இருக்கிற ஊர்களுக்கு அது முக்கியம். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் அவர்கள் பக்கம் வராது. அங்கே பெயர் இருக்கட்டும்.

பிறகு "கடைசி வார்த்தைச் சோதனை" என்று ஒன்று வைத்தோம். ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்க வேண்டும். மீதி தப்பான அர்த்தம் கொடுத்தால் அந்த வரியை மாற்ற வேண்டும். "ஆற்றில் குளிக்க வேண்டாம்" என்பது இதில் தோற்றுப்போகிறது. "குளிக்காதீங்க" கொஞ்சம் பரவாயில்லை, மறுப்பு அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் மைக்கு கரகரத்தால் போச்சு. "தாமிரபரணியை விட்டுத் தள்ளி இருங்க" என்றால், கடைசி காற்றில் போனாலும் "தாமிரபரணியை விட்டு" என்பது காதில் நிற்கும். செய்யாதே என்பதைவிட, எதைச் செய்யணும் என்று சொல்வது இந்த வேலைக்கு உதவுகிறது.

கடைசியில் எங்கள் தாள் இப்படி வந்தது:

ஆத்தங்கரை வீட்டுக்காரங்களே!
அணையில / தண்ணி திறக்கப் போறாங்க.
இன்னைக்கு ராத்திரி / வெள்ளம் வரும்.
தாமிரபரணியை விட்டு / தள்ளி இருங்க.
குளிக்கிறது, துவைக்கிறது / வீட்டுலயே.
ஆடு மாட்டை / மேட்டுல கட்டுங்க.
நீங்களும் பிள்ளைகளும் / கவர்மெண்ட் ஸ்கூலுக்கு வாங்க.
உதவிக்கு: ஒண்ணு, / சைபர், / ஏழு, / ஏழு.

சுமார் 30 வார்த்தை. வாட்சைப் பார்த்துப் படித்தால் 22 வினாடி ஆகிறது. எண்களை எழுத்தால் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 1077 என்று எழுதினால் ஒருத்தி "ஆயிரத்து எழுபத்தேழு" என்று படிப்பாள், கேட்கிறவள் போனில் அதை எப்படி அழுத்துவாள்?

மாற்றி எழுதும்போது அர்த்தம் மாறிவிடக்கூடாது. முதல் தடவை நாங்கள் "தண்ணி திறந்துட்டாங்க" என்று எழுதிவிட்டோம். தாளில் இருந்தது "வெளியேற்றப்படவுள்ளது", அதாவது இனிமேல்தான் திறப்பார்கள். எங்கள் குழுவின் கணக்கு எழுதுகிற அக்காதான் கண்டுபிடித்தார். "திறக்கலாம்" என்று வந்தால் "திறந்தாலும் திறப்பாங்க" என்றுதான் எழுத வேண்டும், "திறக்கப் போறாங்க" ஆகாது. இடம், நேரம், போன் நம்பர், இந்த மூன்றிலும் கை வைக்க வேண்டாம். எழுதி முடித்ததும் தாளைக் கொடுத்த அலுவலரிடம் திரும்பக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் மைக்கைத் தொட வேண்டும்.

காட்டுவதற்கு முன்னால் குழுவிலேயே ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். ஒருத்தி அடுப்படியில் மிக்ஸியை ஓடவிட்டுத் திரும்பி நிற்கட்டும். இன்னொருத்தி வாசலிலிருந்து ஒரே தடவை படிக்கட்டும். பிறகு எங்கே, எப்போ, என்ன செய்யணும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் ஊரில் சோதித்தபோது "எப்போ" என்பதற்குத்தான் பதில் வரவில்லை. முதலில் "இன்று இரவு வெள்ளம்" என்று எழுதியிருந்தோம், "இரவு" மிக்ஸி சத்தத்தில் அமுங்கிவிட்டது. "ராத்திரி" என்று மாற்றிய பிறகு கேட்டது.

தாளைப் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடம் விட்டு, ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஆட்டோ குலுங்கும்போது பக்கத்தைத் திருப்ப முடியாது. அட்டையில் ஒட்டிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டால் மழையில் மை கரையாது. சாய்கோடு வருகிற இடத்தில் முகத்தை மைக்கிலிருந்து கொஞ்சம் திருப்பி மூச்சு வாங்குங்கள், இல்லாவிட்டால் தெரு முழுக்க உங்கள் மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.